பாம்பு கடித்தால் கட்டுப்போடலாமா?

கேள்வி: டாக்டர் அய்யா, எங்களுக்கு தேவகோட்டை பக்கம் ஒரு கிராமம். போன மாசம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன என் மாமனாரைப் பாம்பு கடித்துவிட்டது. என் கொழுந்தனார் துண்டைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டி, பிளேடால் கீறி ரத்தத்தைப் பிதுக்கினார். கீறின இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் கட்டை உடனே அவிழ்க்கவும் இல்லை. "யார் கட்டச் சொன்னது" என்று சத்தம்தான் போட்டார்கள். மாமனார் பிழைத்துவிட்டார். கட்டினதால்தான் பிழைத்தார் என்கிறார் கொழுந்தனார். ஆனால் கீறின புண் இன்னும் ஆறவில்லை. கட்டலாமா, கூடாதா?

பதில்: கட்டக் கூடாது அம்மா. உங்கள் கொழுந்தனார் மேல் நான் தப்பு சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் பெரியவர்கள் காலங்காலமாகச் செய்து வந்ததைத்தான் அவரும் செய்தார். பெற்ற தகப்பன் துடிக்கும்போது கை சும்மா இருக்காது. ஆனாலும் அடுத்த முறை அந்த வீட்டில் யாரும் துண்டைக் கிழிக்கக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

பாம்பின் பல் ஊசி மாதிரி. விஷத்தைத் தோலுக்கு அடியில், சதையில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து அது பெரும்பாலும் நேராக ரத்தக் குழாயில் ஓடுவதில்லை. நிணநீர்க் குழாய்கள் என்று மெல்லிய குழாய்கள் உடம்பு முழுக்க இருக்கின்றன, அவற்றின் வழியாகத்தான் மெதுவாக ஏறுகிறது. நிணநீரைத் தள்ள இதயம் மாதிரி ஒரு பம்பு கிடையாது. நடக்கும்போது, ஓடும்போது, காலை உதறும்போது தசை சுருங்குகிறதே, அந்த அழுத்தம்தான் அதை மேலே தள்ளுகிறது. அதனால் கடிபட்டவர் காலை அசைக்காமல் இருந்தாலே விஷம் ஏறும் வேகம் குறைந்துவிடும். பதறிப்போய் வரப்பு வரப்பாக வீட்டுக்கு ஓடி வருவதைவிடக் கெடுதலான காரியம் வேறு இல்லை.

இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும்? கட்டுக்குக் கீழே ரத்த ஓட்டம் நின்றுபோகும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கடித்தது விரியன் வகை, வயலில் என்பதால் கண்ணாடி விரியனாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதன் விஷம் சதையையே அழிக்கக்கூடியது. அந்த விஷத்தை ஒரு சாண் இடத்துக்குள் அடைத்து, அதே இடத்துக்கு நல்ல ரத்தமும் போகவிடாமல் செய்தால் சதை இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது. ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒரு மணி, இரண்டு மணி ஆனால் காலே கறுத்துப்போகலாம். உயிர் பிழைத்தும் விரலையோ காலையோ எடுக்க வேண்டி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, அப்படியென்றால் ஆஸ்பத்திரியில் ஏன் உடனே அவிழ்க்கவில்லை? அங்கே செய்தது சரிதான். சத்தம் போட்டதை மட்டும் தவிர்த்திருக்கலாம். கட்டுக்குக் கீழே தேங்கி நின்ற விஷம், அவிழ்த்த நொடியில் மொத்தமாக மேலே பாயும். ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கலாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன் கடியாக இருந்தால் மூச்சே நின்றுபோகலாம். அதனால் முதலில் கையில் ஊசி ஏற்றி, விஷமுறிவு மருந்தைத் தொடங்கி, மூச்சுக்கு உதவும் சாமான்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கட்டில் கை வைப்போம். பாதத்தின் மேற்பக்கம் நாடி தட்டுகிறதா என்று தொட்டுப் பார்ப்போம். நாடி இல்லையென்றால், பிரஷர் பார்க்கும் பட்டையைக் கட்டுக்கு மேலே சுற்றிக் காற்றடித்து, அப்புறம் துணியை வெட்டிவிட்டு, பட்டையின் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவோம். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். யாராவது ஏற்கெனவே இறுக்கிக் கட்டிவிட்டிருந்தால், வழியில் நீங்களாக அவிழ்க்காதீர்கள். எத்தனை மணிக்குக் கட்டினது என்று மட்டும் நினைவு வைத்துக்கொண்டு, மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள்.

கீறியதுதான் இன்னும் பெரிய தப்பு. விரியன் விஷம் உடம்புக்குள் போனதும் ரத்தத்தை உறைய வைக்கும் சத்தைத் தின்று தீர்த்துவிடும். இதை நாங்கள் மிகச் சாதாரணமாகப் பரிசோதிப்போம். 2 மில்லி ரத்தத்தை எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைப்போம். பிறகு ஒரே முறை சாய்த்துப் பார்ப்போம். நல்ல ரத்தம் ஆடைத் தயிர் மாதிரி கட்டியாக நிற்கும். விரியன் விஷம் ஏறிய ரத்தம் தண்ணீர் மாதிரி வழியும். உங்கள் மாமனாருக்கு ரத்தம் நிற்காமல் போனதன் காரணம் இதுவாகத்தான் இருக்கும். விஷம் வெளியேறுகிறது என்று அன்றைக்கு நினைத்திருப்பீர்கள். சதைக்குள் இறங்கிவிட்ட விஷம் பிதுக்கினாலும் வராது, வாய் வைத்து உறிஞ்சினாலும் வராது. வெளியே போனதெல்லாம் அவருடைய நல்ல ரத்தம். வீட்டு பிளேடால் கீறின இடத்தில் கிருமியும் புகுந்திருக்கும்.

அப்படியென்றால் கட்டிப் பிழைத்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்களே என்பார் கொழுந்தனார். நம் ஊரில் கடிக்கிற பாம்புகளில் பாதிக்கு மேல் சாரை, தண்ணீர்ப் பாம்பு மாதிரி விஷமில்லாதவை. விஷப் பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமல் வெறும் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போகும். அப்படிப்பட்டவர்கள் கட்டினாலும் பிழைப்பார்கள், வேப்பிலை அடித்தாலும் பிழைப்பார்கள், சும்மா உட்கார்ந்திருந்தாலும் பிழைப்பார்கள். உங்கள் மாமனாருக்கு உண்மையாகவே விஷம் ஏறியிருந்தது. அவரைக் காப்பாற்றியது விஷமுறிவு மருந்து.

அன்றைக்கு அந்த வரப்பில் என்ன செய்திருக்க வேண்டும்? அவரை அங்கேயே உட்காரவோ படுக்கவோ வைத்து, நடக்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டும். பெண்களாக இருந்தால் மெட்டி, கொலுசு, கையில் கடித்திருந்தால் வளையல், மோதிரம் எல்லாவற்றையும் முதல் ஐந்து நிமிடத்திலேயே கழற்றிவிடுங்கள். வீங்கின பிறகு மெட்டியை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும், வீக்கத்தில் அதுவே ஒரு கட்டாகவும் மாறிவிடும். பிறகு எலும்பு முறிந்தால் எப்படியோ அப்படியே, காலை ஒட்டி ஒரு தென்னை மட்டையையோ பலகையையோ வைத்து, இரண்டு மூன்று இடத்தில் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். துணிக்கு அடியில் உங்கள் விரல் எளிதாக நுழைய வேண்டும். கால் அசையாமல் இருப்பதற்குத்தான் இந்தக் கட்டு, ரத்தம் தடைபடவே கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரி எது என்று கேளுங்கள். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றால் பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொண்டு போகலாம். கடிபட்டவர் வண்டி ஓட்டக் கூடாது. வழியில் சாராயம், மிளகு, பச்சிலைச் சாறு எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். வாந்தி வந்தாலோ மயங்கினாலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

பாம்பை அடித்து எடுத்து வர வேண்டியதும் இல்லை. அடிக்கப் போன இரண்டாவது ஆளையும் கடிபட்டுக் கொண்டு வந்திருக்கிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. அவர்கள் இந்த நான்கு பாம்புகளின் விஷத்தையும் எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து தயாராகிறது. அரசு ஆஸ்பத்திரியில் இதற்குப் பணம் கிடையாது. தூரத்தில் நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் சரி, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் கட்டுவதற்கு இடமே தெரியாது. வெயில் காலத்தில் நம் பக்கம் திண்ணையிலும் முற்றத்திலும் பாயை விரித்துப் படுப்பது வழக்கம். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். அதன் பல் மிகச் சின்னது. கடித்தால் வலிக்காது, வீங்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகும். ஒரு விடியற்காலையில் வயிற்று வலி என்று ஒரு அம்மா வந்தார். வாயுவாக இருக்கும் என்று வீட்டில் இஞ்சி தட்டிக் கொடுத்திருந்தார்கள். "மேலே பாருங்கள்" என்றேன். நெற்றியைச் சுருக்கிப் பார்த்தார், இமை எழவில்லை. ராத்திரி எங்கே படுத்தீர்கள் என்று கேட்டதும் திண்ணை என்றார், அந்த வார்த்தையே குழறியது. அரை மணியில் மூச்சு தளர்ந்துவிட்டது. மருந்தோடு வென்டிலேட்டரிலும் மூன்று நாள் இருந்தார். கண்ணைத் திறக்க முடியாமல், விரல் அசைக்க முடியாமல் கிடந்த அந்த மூன்று நாளும் நாங்கள் பேசியதெல்லாம் தனக்குக் கேட்டது என்று பிறகு சொன்னார். தரையில் படுத்தவருக்கு விடியலில் காரணமில்லாத வயிற்று வலி, வாந்தி, இமை சரிவு, விழுங்க முடியாமை இருந்தால், கடித்த தடத்தைத் தேடிக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள். வென்டிலேட்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தரையில்தான் படுப்போம் என்றால் கொசுவலையைக் கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிடுங்கள்.

இனி உங்கள் மாமனார். ஒரு மாதமாக ஆறாத புண்ணை வீட்டில் மஞ்சள் வைத்துப் பார்க்க வேண்டாம். இந்த வாரமே ஒரு அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள். செத்துப்போன சதையைச் சுத்தம் செய்தால்தான் புதுத் தோல் வரும், சில சமயம் தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்க வேண்டியும் வரலாம். சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள், டிடி ஊசி போட்டிருக்கிறார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டைப் பாருங்கள். கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தையும் பாதிக்கும் என்பதால், கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையையும் சிறுநீர்ப் பரிசோதனையையும் கூடவே செய்துவிடுங்கள். சிறுநீர் குறைந்திருந்தாலோ, காலையில் முகமும் காலும் ஊதியிருந்தாலோ வாரக் கடைசி வரை காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.