கல்லணைத் தண்ணீரை ஜிஃப் ஆக்க 400 ரூபாயா?

"கல்லணையில் தண்ணீர் திறந்ததை 11 நிமிடம் மொபைலில் எடுத்தேன். ஷட்டரில் பாய்கிற இடம் மட்டும் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கிற படமாக வேண்டும். இலவச தளத்தில் போட்டால் 38 எம்பி வந்தது, தண்ணீர் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. கடையில் 400 ரூபாய் கேட்கிறார்கள்." (பாபநாசம் வாசகர்)

முதலில் அந்த 400 ரூபாயைப் பையிலேயே வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பத்தான் என்றால் ஜிஃப் கோப்பே தேவையில்லை. வீடியோவைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஓரத்தையும் இழுத்து மூன்று விநாடியாகச் சுருக்கினால் GIF என்ற பொத்தான் வரும். அதைத் தொட்டு அனுப்புங்கள், முடிந்தது.

இணையதளத்துக்கு நிஜமான ஜிஃப் வேண்டுமா? அது 1987இல் வந்த வடிவம். ஒரு படத்துக்கு 256 நிறம்தான். எல்லா வீடியோவுக்கும் ஒரே பொது நிறப் பட்டியலைப் போட்டால் சேற்றுத் தண்ணீரின் பழுப்பில் உள்ள நுணுக்கம் போய், புள்ளி புள்ளியாகத் தெரியும். இன்றும் பல அலுவலகங்கள் 'ஜிஃப்தான் வேண்டும்' என்று அடம்பிடிப்பது எனக்குப் புரியவே இல்லை. சரி, கணினியில் ffmpeg என்ற இலவச வீடியோ மென்பொருள் இருந்தால், கட்டளைச் சாளரத்தில் இந்த ஒரு வரி போதும். உங்கள் வீடியோவிலிருந்தே நிறங்களைப் பொறுக்கிக்கொள்ளும்:

```
ffmpeg -ss 00:07:42 -t 3 -i anai.mp4 -vf "fps=10,scale=480:-1,split[a][b];[a]palettegen[p];[b][p]paletteuse" -loop 0 anai.gif
```

anai.mp4 என்ற இடத்தில் உங்கள் வீடியோவின் பெயரைப் போடுங்கள். உதாரணமாக 7 நிமிடம் 42ஆவது விநாடியிலிருந்து 3 விநாடி எடுக்கிறோம். விநாடிக்கு 10 படம், ஆக மொத்தம் 30. அகலம் 480 பிக்சல். கடைசி 0 என்றால் நிற்காமல் சுற்றும்.

இதற்குப் பிறகும் கோப்பு பெரிதாக இருந்தால் காரணம் தண்ணீர்தான். மாறாத பகுதியை ஜிஃப் மறுபடி சேமிக்க வேண்டியதில்லை. பாயும் தண்ணீரில் ஒவ்வொரு புள்ளியும் மாறிக்கொண்டே இருக்கும். கையில் பிடித்து எடுத்திருந்தால் தூணும் கரையும்கூட ஆடும், அதுவும் சேர்ந்து கனக்கும். 480ஐ 320 ஆக்குங்கள். அடுத்த முறை மொபைலைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்து எடுங்கள்.

முடிவும் தொடக்கமும் சேரும் இடத்தில் படம் குதிக்கும். 'முன்னும் பின்னுமாக ஓட்டு' என்று எல்லோரும் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள், தண்ணீர் மதகுக்குள் திரும்பி ஏறும்! ஊஞ்சலுக்கு மட்டும் அது பொருந்தும். ஊஞ்சல் ஒரு பக்க உச்சியில் நிற்கிற கணத்திலிருந்து மறுபக்க உச்சி வரை வெட்டிப் பின்னால் ஓட்டினால் கண்டுபிடிக்கவே முடியாது. நடுவில் வெட்டினால் ஊஞ்சலும் காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் மிதக்கும் இலையோ நடக்கிற ஆளோ இல்லாத, வெறும் நுரை மட்டும் கொப்பளிக்கிற மூன்று விநாடியைத் தேடுங்கள். நுரையில் குதிப்பு கண்ணில் படாது.

அப்புறம், சில படம் பார்க்கும் செயலிகளில் ஜிஃப் அசையாமல் நிற்கும். அதைக் காட்டி 'கோப்பு கெட்டுப்போச்சு, திரும்பச் செய்யணும்' என்று இன்னொரு 400 கேட்பவர்கள் உண்டு. பிரவுசர் ஜன்னலில் இழுத்துப் போடுங்கள், ஓடும்.