தென்னந்தோப்பை ட்ரோனில் படமெடுத்து வரைபடமாக ஒட்டுவது: கேள்வி பதில்

தென்னை விவசாயி, உடுமலைப்பேட்டை: 10 ஏக்கர். பாதி தோப்பு, பாதி காய்கறி. ஃபேன்டம் 4 புரோவில் 80 மீட்டர் உயரம், முன்பின் 80, பக்கவாட்டில் 70 சதவீதம் ஓவர்லேப் கொடுத்துப் பறந்தேன். காய்கறிப் பக்கம் சுத்தமாக ஒட்டியது. தோப்பு மட்டும் ஓட்டை ஓட்டையாக வருகிறது, மட்டைகள் இரட்டை இரட்டையாகத் தெரிகின்றன. மென்பொருளை மாற்றட்டுமா?

மாற்ற வேண்டாம் அண்ணா, வேறு மென்பொருளிலும் இப்படித்தான் வரும். நீங்கள் கொடுத்த 80-ம் 70-ம் தரைக்குத்தான் கணக்கு. கேமரா பார்ப்பதோ மரத்தின் உச்சியை.

உங்கள் கேமராவுக்கு 80 மீட்டரில் ஒரு படம் தரையில் 120 மீட்டர் அகலமும் 80 மீட்டர் நீளமும் பிடிக்கும். பக்கவாட்டில் 70 சதவீதம் என்றால் தடத்துக்குத் தடம் 36 மீட்டர். முன்பின் 80 என்றால் 16 மீட்டருக்கு ஒரு படம். காய்கறிக்கு இது தாராளம். தென்னை 20 மீட்டர் உயரம் என்று வையுங்கள். உச்சிக்கும் கேமராவுக்கும் இடையே 60 மீட்டர்தான். அந்த மட்டத்தில் படம் 90-க்கு 60 மீட்டராகச் சுருங்கிவிடும், தட இடைவெளி மட்டும் அதே 36. ஆக உச்சியில் பக்கவாட்டு ஓவர்லேப் 60, முன்பின் 73. அதோடு, பக்கத்துத் தடத்திலிருந்து பார்க்கும்போது அதே மரத்தின் மட்டைகள் வேறு கோணத்தில் தெரியும். ஒரே மட்டைதான் என்று மென்பொருளால் அடையாளம் காண முடிவதில்லை.

உச்சியில் 80-ம் 70-ம் வேண்டும் என்றால், திட்டத்தில் கொடுக்க வேண்டியதை இப்படிக் கணக்கிடலாம். H பறக்கும் உயரம், h மர உயரம், x உச்சியில் வேண்டிய ஓவர்லேப்:

```
overlap = 1 - (1 - x) * (H - h) / H
x = 0.70  ->  0.775
x = 0.80  ->  0.85
```

அதாவது பக்கவாட்டில் 78, முன்பின் 85 என்று கொடுங்கள். தடம் ஏறக்குறைய 27 மீட்டருக்கு ஒன்று, படம் 12 மீட்டருக்கு ஒன்று என்றாகும். இரண்டு படத்துக்கு நடுவே கேமராவுக்கு 2 நொடியாவது வேண்டும் என்பதால், நொடிக்கு 5 மீட்டருக்கு மேல் வேகம் வைக்காதீர்கள்.

வேளாண் பொறியியல் மாணவர்: இவ்வளவு கணக்கு எதற்கு சார்? 90-க்கு 90 கொடுத்துவிட்டால் எந்த மரத்துக்கும் போதும் அல்லவா?

ஒட்டும் என்பது சரிதான். அதற்கு என்ன செலவாகிறது என்று பாருங்கள். 80 மீட்டரில் 90 சதவீதம் என்றால் தடம் 12 மீட்டருக்கு ஒன்று, படம் 8 மீட்டருக்கு ஒன்று. முதல் கேள்வியில் வந்த 80-70 திட்டத்தைவிடத் தடங்கள் மூன்று மடங்கு, படங்கள் ஆறு மடங்கு. பேட்டரி மாற்றி மாற்றிப் பறக்கும்போது வெயில் ஏறும், நிழல் நகரும். முதல் தடத்தில் இருந்த நிழலும் கடைசித் தடத்து நிழலும் பொருந்தாது.

உயரத்தைக் கூட்டுவது இதைவிட மலிவான வழி. 110 மீட்டரில் 70 கொடுத்தால் உச்சியில் 63 கிடைக்கும், 80 மீட்டரில் அதுவே 60. ஒரு பிக்சல் தரையில் 2.2 செ.மீ.-லிருந்து 3 செ.மீ. ஆகும். மரம் எண்ணவும், மஞ்சளடித்த மரத்தைக் கண்டுபிடிக்கவும் 3 செ.மீ. ஏராளம். உயரத்தைக் கூட்டிவிட்டு ஓவர்லேப்பையும் சற்றுக் கூட்டினால் போதும், 90 வரை போகத் தேவையில்லை. ஒன்று மட்டும்: ட்ரோன் விதிகள் சொல்லும் பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் (400 அடி) வரைதான், விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கி.மீ. வளையத்துக்குள் 200 அடிதான். முதலில் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் நிலத்தைப் பாருங்கள்.

மருந்தடிக்கும் ட்ரோன் வைத்திருப்பவர்: என்னிடம் 10 லிட்டர் டேங்க் ட்ரோன் இருக்கிறது. அது பயிருக்கு மேல் 3 மீட்டரில் பறக்கும். அதன் கேமராவிலேயே எடுத்துவிட்டால் இன்னும் தெளிவாக இருக்காதா?

தெளிவு இங்கே பிரச்சினை இல்லைங்க. 3 மீட்டரில் ஒரு படத்துக்குள் அடங்குவது நாலைந்து மீட்டர் அகலம். எல்லாப் படமும் ஒரே மாதிரி இலைக்கூட்டமாக இருக்கும், விசிறிக் காற்றில் அதுவும் ஆடும். எதை எதோடு பொருத்துவது? அந்தக் கேமரா ஓட்டுபவர் முன்னே பார்க்க வைத்தது, நேர் கீழே படமெடுக்க அல்ல. வரைபடத்தை வேறு ட்ரோனில் எடுங்கள். அதிலிருந்து நில எல்லையை எடுத்து உங்கள் தெளிப்புத் திட்டத்துக்குப் பயன்படுத்தலாம், அது நல்ல வழி.

தேயிலைத் தோட்ட மேற்பார்வையாளர், குன்னூர்: எங்களுக்கு உயரமான மரங்கள் குறைவு, செடி இடுப்பளவுதான். ஆனாலும் மேல் பகுதி ஒட்டவில்லை.

உங்கள் மரம் மலைதான். ஆப் காட்டும் 80 மீட்டர் ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து. கீழே நின்று கிளப்பி, சரிவு 40 மீட்டர் ஏறியிருந்தால், மேலே அது 40 மீட்டர் உயரத்தில்தான் போகிறது. அங்கே படத்தின் அகலம் 60 மீட்டர், தடம் 36. பக்கவாட்டு ஓவர்லேப் வெறும் 40 சதவீதம். மரத்தில் மோதாமல் வந்ததே பெரிது.

நிலத்தைத் தொடரும் வசதி, அதாவது டெரைன் ஃபாலோ, இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் சரிவை இரண்டு மூன்று பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் மேட்டிலிருந்து கிளப்பி, தடங்களைச் சம உயரக் கோட்டோடு ஓட்டுங்கள். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று இரண்டு தடமாவது ஏறியிருக்க வேண்டும், இல்லையென்றால் சேரும் இடத்தில் பிளவு விழும்.

உடுமலைப்பேட்டைக்காரர் மறுபடியும்: சரிங்க. எந்த நேரத்தில் பறக்கட்டும்? நிழல் விழாமல் இருக்க உச்சி வெயில்தான் நல்லது என்கிறார்கள்.

நிழல் கணக்கு சரிதான், ஆனால் தென்னைக்கு நிழலைவிடக் காற்று பெரிய எதிரி. இரண்டு படங்களுக்கு நடுவே மட்டை ஒரு அடி அசைந்தால், எத்தனை ஓவர்லேப் இருந்தாலும் பொருந்தாது. உங்கள் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும். அந்த மாதங்களில் காலையிலேயே, காற்று எழுவதற்குள் முடித்துவிடுங்கள். நீண்ட நிழலைப் பொறுத்துக்கொள்ளலாம். மேகம் சீராக மூடிய நாள் கிடைத்தால் இன்னும் நல்லது.

அப்புறம் ஷட்டர். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் 1/100-ல் எடுத்தால் படம் 5 செ.மீ. இழுபடும், இரண்டு பிக்சலுக்கு மேல். 1/1000-ல் அரை செ.மீ.தான். காலை வெளிச்சத்தில் ஆட்டோவில் விட்டால் ஷட்டர் மெதுவாகிவிடும். ஷட்டரை நீங்களே பூட்டுங்கள், ஐஎஸ்ஓ சற்று ஏறினாலும் பரவாயில்லை.

நில அளவையாளர்: ஒன்றை விட்டுவிட்டீர்கள். நேர் கீழே பார்த்து இணைத் தடமாகவே பறந்தால் சமதரை கிண்ணம் மாதிரி வளைந்து வரும். குறுக்குத் தடமும் தரைக் குறிகளும் இல்லாமல் நான் பறப்பதே இல்லை.

நீங்கள் சொல்வது உண்மை. சொட்டு நீர்க் குழாய்க்கு வாட்டம் பார்க்க, மண் வெட்ட அளவெடுக்க, உயரம் நம்பகமாக வேண்டும். அதற்கு நான்கு மூலையிலும் நடுவிலுமாகக் குறைந்தது ஐந்து தரைக் குறி, கூடவே கேமராவை 20 டிகிரி சாய்த்து ஒரு குறுக்குப் பறப்பு. தோப்புக்குள் வைத்தால் குறி மேலிருந்து தெரியாது, பாதையிலும் களத்திலும் வையுங்கள். மென்பொருளில் குறிகளுக்குக் கொடுக்கும் ஆயத்தொலைவு மண்டலம் உடுமலைக்கு EPSG:32643, தஞ்சாவூருக்கு EPSG:32644. இரண்டு மண்டலங்களின் எல்லை 78 டிகிரி தீர்க்கரேகையில் போவதால், இது தவறினால் குறிகள் எங்கோ போய் உட்காரும்.

மரம் எண்ண மட்டும் என்றால் குறுக்குத் தடம் தேவையில்லை என்றே நினைக்கிறேன். தோப்பில் அது ஓட்டையைக் குறைக்கும் என்று சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். காற்றில்லாத நாளில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் அனுபவம் வேறாக இருந்தால் எழுதுங்கள்.

மாணவர்: ஒட்டாது என்பதை நிலத்திலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

மடிக்கணினியில் படங்களை ஒட்டும் WebODM மென்பொருள் இருந்தால், படங்களைச் சிறிதாக்கி `fast-orthophoto` என்ற வேகமான அமைப்பை வைத்து வரப்பிலேயே ஓட்டிப் பாருங்கள். அறிக்கையில் எந்த இடம் எத்தனை படத்தில் விழுந்திருக்கிறது என்று வண்ணமிட்ட படம் வரும். தோப்பின்மேல் 5-க்குக் குறைவாக இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் அப்போதே திரும்பப் பறந்துவிடலாம். ஓரத்தில் மட்டும் குறைவாக இருந்தால் திட்டத்தின் எல்லையை வேலிக்கு வெளியே ஒரு தடம் தள்ளுங்கள், பக்கத்து நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டு.