யூடியூப் தலைப்பு கைப்பேசியில் வெட்டுப்படுகிறதா? முக்கியச் சொல்லை முன்னே கொண்டுவரும் வழி

கேள்வி: மாடித் தோட்டம் பற்றி யூடியூபில் வீடியோ போடுகிறோம். கைப்பேசியில் தலைப்பு பாதியிலேயே மூன்று புள்ளியோடு நின்றுவிடுகிறது. தலைப்பைச் சுருக்கினால் போதுமா, முக்கியமான சொல்லை முதலில் வைக்க வேண்டும் என்கிறார்களே, அதைத் தமிழில் எப்படிச் செய்வது?

பதில்:

சுருக்குவது இரண்டாவது வேலை. முதல் வேலை வரிசையை மாற்றுவது. ஒரு விவசாய சேனலுக்குத் தலைப்பு எழுதித் தருவது என் வேலைகளில் ஒன்று என்பதால், அங்கே அடிக்கடி வரும் வகைத் தலைப்பு ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

"வீட்டு மாடியில் தொட்டிகளில் வளர்க்கும் தக்காளிச் செடியில் இலைச்சுருட்டை வராமல் தடுப்பது எப்படி?"

இலக்கணப்படி இதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கைப்பேசியில் இரண்டு வரிதான் தெரியும். பெரும்பாலும் "தக்காளிச் செடியில்" என்ற இடத்திலேயே தலைப்பு நின்றுவிடும். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் பெரியவர்களின் கைப்பேசியில் "வளர்க்கும்" வரை வந்தாலே அதிகம். மாடியில் தக்காளி வளர்ப்பது பற்றிய வீடியோ என்று நினைத்து, இலை சுருண்ட செடியோடு கவலையில் இருப்பவர் தாண்டிப் போய்விடுவார். அவருக்கு வேண்டிய சொல் ஏழாவது இடத்தில் இருக்கிறது.

இதற்கு எழுதியவரின் சோம்பல் காரணமல்ல. தமிழில் பெயரைச் சிறப்பிக்கும் தொடர் எப்போதும் பெயருக்கு முன்னால்தான் வரும். "மாடியில் தொட்டிகளில் வளர்க்கும்" என்று பெயரெச்சத்தில் தொடங்கிவிட்டால், சொல்ல வந்த பொருள் தானாகவே பின்னால் போய்விடும். எனவே பெயரெச்சத்தை உடைத்துவிடுங்கள். "வளர்க்கும்" போகட்டும், இடத்தைச் சொல்லும் பகுதி மட்டும் "மாடித் தோட்டத்தில்" என்று சுருங்கி நடுவில் உட்காரட்டும்:

"தக்காளி இலைச்சுருட்டையை மாடித் தோட்டத்தில் தடுப்பது எப்படி?"

செயப்படுபொருள் முதலில் வந்தாலும் வாக்கியம் சிதையவில்லை. வேற்றுமை உருபு ஒட்டியிருப்பதால் தமிழ் இதைத் தாங்கும். இந்த வசதியை விட்டுவிட்டு எல்லாத் தலைப்பையும் முக்காற்புள்ளி போட்டு இரண்டு துண்டாக வெட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்று எரிச்சல்தான். வாக்கியமாக நிற்காதபோது மட்டும் முக்காற்புள்ளியைத் தொடுங்கள்.

எது முக்கியச் சொல் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். உங்கள் சேனல் முழுவதுமே மாடித் தோட்டம் என்றால், "மாடித் தோட்டம்" உங்கள் தலைப்பின் முக்கியச் சொல் அல்ல. தலைப்புக்குக் கீழே சேனல் பெயரே அதைச் சொல்லிவிடும். "பகுதி 14" போன்ற எண்ணும் அப்படித்தான், கடைசியில் இருந்தால் போதும். இந்த வீடியோவை மற்ற வீடியோக்களிடமிருந்து பிரிப்பது எதுவோ அதுதான் முன்னே வர வேண்டும். அதை மக்கள் எந்தச் சொல்லால் தேடுகிறார்கள் என்பதை ஊகிக்கவும் தேவையில்லை. யூடியூப் ஸ்டூடியோவின் பகுப்பாய்வில், யூடியூப் தேடல் வழியாக வந்தவர்கள் தட்டிய சொற்கள் பட்டியலாகவே இருக்கும். "இலைச்சுருட்டை" என்ற நோய்ப் பெயரைவிட "இலை சுருளுது" என்று கண்ணில் பட்டதையே பலர் தட்டியிருந்தால், அதற்கு நெருக்கமான சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி நீளம். யூடியூபில் தலைப்புக்கு 100 குறியீடுகள் வரை இடமுண்டு. முதலில் காட்டிய நீளத் தலைப்பு பெட்டியில் 95 இடத்தைப் பிடிக்கும், அதாவது தடையில்லாமல் ஏறிவிடும். ஆனால் கண்ணால் எண்ணினால் எழுத்தும் இடைவெளியும் கேள்விக்குறியும் சேர்த்து 58தான். மீதி 37 எங்கே போயிற்று என்றால், புள்ளியும் கால், கொம்பு போன்ற உயிர்க்குறிகளும் கணினியில் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படுகின்றன. உலாவியின் கன்சோலில் இதைத் தட்டிப் பாருங்கள்:

```
"தக்காளி".length
```

விடை 7 என்று வரும். நாம் எண்ணினால் நான்கு எழுத்து. ஆகவே பெட்டியின் எண்ணிக்கையை வைத்துத் திரையில் எவ்வளவு தெரியும் என்று கணக்குப் போடாதீர்கள். திரை எழுத்தை எண்ணுவதில்லை, அகலத்தைத்தான் பார்க்கிறது. "ணை", "ஞ" போன்றவை அகன்ற எழுத்துகள். "ர" ஒடுங்கியது. "இத்தனை எழுத்துக்குள் எழுதுங்கள்" என்று ஆங்கிலத் தலைப்புகளுக்குச் சொல்லப்படும் எண்கள் நமக்கு உதவாததும் இதனால்தான்.

அகலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வரியின் முடிவில் இடம் போதாவிட்டால் முழுச் சொல்லும் அடுத்த வரிக்குப் போய்விடும். "இலைச்சுருட்டைநோயைக்" என்று சேர்த்து எழுதினால் முதல் வரியில் பாதி இடம் வெறுமையாகக் கிடக்கும், இரண்டாவது வரி அந்த ஒரு சொல்லிலேயே தீர்ந்துபோகும். பிரிக்கக்கூடிய இடத்தில் பிரித்து எழுதுங்கள்.

நான் மிகவும் அஞ்சுவது வேறொன்று. தமிழில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பும் அதோடு கடைசியில்தான் வருகிறது. இந்தத் தலைப்பைப் பாருங்கள்:

"தக்காளி இலைச்சுருட்டை வேப்பெண்ணெய் தெளித்தால் குணமாகிவிடும் என்று நம்ப வேண்டாம்"

முக்கியச் சொல் முதலில்தான் இருக்கிறது. ஆனால் "குணமாகிவிடும்" என்ற இடத்தில் வெட்டுப்பட்டால், வீடியோ மறுக்கும் கருத்தையே தலைப்பு உறுதி செய்துவிடும். இலைச்சுருட்டை வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். வேப்பெண்ணெய் ஈயைக் குறைக்க உதவும், வைரஸ் ஏறிய செடியைக் குணமாக்காது. திரையில் பாதியை மட்டும் படித்துவிட்டுப் போனவர் தெளித்துக்கொண்டே இருப்பார், பிடுங்கி எறிந்திருக்க வேண்டிய செடியிலிருந்து நோய் பக்கத்துத் தொட்டிக்கும் போகும். மறுப்பு இருக்கும் தலைப்பில் அந்த மறுப்பையும் முன்னே இழுக்க வேண்டும்: "தக்காளி இலைச்சுருட்டை குணமாகாது: வேப்பெண்ணெய் எதற்கு உதவும்?" இங்கே முக்காற்புள்ளிக்கு நியாயம் இருக்கிறது.

சோதிப்பது எளிது. வீடியோவைப் பட்டியலிடாத நிலையில் ஏற்றி, கைப்பேசிச் செயலியில் ஒரு பிளேலிஸ்ட்டில் சேர்த்துப் பாருங்கள். அங்கே படம் சிறியதாகவும் தலைப்பு அதன் பக்கத்திலும் இருப்பதால் இடம் மிகவும் குறைவு. பிறகு கைப்பேசி அமைப்பில் எழுத்தளவைப் பெரிதாக்கி இன்னொரு முறை பாருங்கள். மூன்று புள்ளிக்கு முன்னால் இருப்பதை மட்டும் வீட்டில் யாரிடமாவது படித்துக் காட்டி, வீடியோ எதைப் பற்றியது என்று கேளுங்கள்.

பழைய வீடியோக்களின் தலைப்பை மாற்றுவதானால், தேடல் வழியாக இப்போதும் ஆள் வரும் வீடியோக்களைத் தொடாதீர்கள். யூடியூப் நிறையப் பேருக்குக் காட்டியும் கிளிக் விகிதம் குறைவாக உள்ளவற்றில் தொடங்குங்கள். மாற்றிய பின் ஒப்பிடும்போது தேடல் வழியாக வந்த விகிதத்தைத் தனியாகப் பாருங்கள். முகப்புப் பக்கத்தில் புதியவர்களுக்கு அதிகமாகக் காட்டத் தொடங்கினாலே மொத்த விகிதம் இறங்கும், அந்த இறக்கத்துக்குப் புதிய தலைப்பைக் குறை சொல்ல முடியாது.