விருந்தினரின் பதில் ஏன் முந்திக்கொள்கிறது?

கேள்வி: இணைய அழைப்பில் நேர்காணல் எடுக்கிறேன். குரல் விட்டுவிட்டு வருவதால், விருந்தினரிடம் அவர் பக்கத்திலேயே போனில் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். குரல் தெளிவாக வந்தது. ஆனால் என் பதிவோடு சேர்த்தால் தொடக்கத்தில் பொருந்துகிறது, 54 நிமிடம் கழித்து நான் கேள்வியை முடிப்பதற்குள் அவர் பதில் சொல்லிவிடுகிறார். மைக்கை மாற்ற வேண்டும் என்கிறார் ஒருவர். சரிசெய்து தரப் பெரிய தொகை கேட்கிறார் இன்னொருவர். என்ன செய்வது?

பதில்: மைக் வாங்காதீர்கள். பணமும் கொடுக்காதீர்கள். உங்கள் இரண்டு பதிவுகளிலும் பழுது எதுவும் இல்லை. இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

ஒலியைப் பதிவு செய்யும் கருவி ஒவ்வொரு நொடியையும் பெரும்பாலும் 48,000 துண்டுகளாக நறுக்கி எண்ணிவைக்கிறது. அந்த எண்ணிக்கையை நடத்துவது அதற்குள் இருக்கும் சிறு படிகம். உங்கள் கணினியின் படிகமும் அவருடைய போனின் படிகமும் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. அவருடையது மிகச் சற்றே மெதுவாக எண்ணினாலும் அவர் கோப்பு உண்மை நேரத்தைவிடக் கொஞ்சம் குட்டையாகிவிடும். முதல் நிமிடத்தில் அது காதுக்குத் தெரியாது. ஒரு மணி நேரத்தில் சேர்ந்து சேர்ந்து, பதில் கேள்வியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இருவரும் தத்தம் இடத்தில் பதிவு செய்யும் 'டபுள் எண்டர்' முறையில் இது எல்லோருக்கும் நேர்வது.

அழைப்பையும் உங்கள் கணினியில் பதிவு செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். குரல் உடைந்திருந்தாலும் அதை அழித்துவிடாதீர்கள்; அதுதான் உங்கள் அளவுகோல். எடிட்டிங் மென்பொருளில் அதை மேலேயும், விருந்தினர் அனுப்பிய கோப்பைக் கீழேயும் வையுங்கள். தொடக்கத்தில் அவர் "வணக்கம்" சொல்லும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 'க்க' வரும் இடத்தில் நாக்கு அடைத்து நிற்பதால் அலைக்கோடு ஒரு கணம் தட்டையாகி, பிறகு செங்குத்தாக எழும். அந்த எழுச்சிதான் உங்கள் ஆணி. முடிவில் அவர் மறுபடியும் வணக்கம் சொல்லியிருப்பார், அது இரண்டாவது ஆணி. அந்தச் சொல் அழைப்புப் பதிவில் சிதைந்திருந்தால் பக்கத்தில் 'த்த', 'ப்ப' வரும் வேறொரு சொல்லைப் பிடியுங்கள். கைதட்டச் சொல்வதுதான் பழைய வழக்கம். ஆனால் இன்றைய அழைப்புச் செயலிகள் கைதட்டலை இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடுகின்றன. பேச்சை நம்புங்கள்.

இனி கணக்கு. அழைப்புப் பதிவில் இரண்டு ஆணிகளுக்கும் இடையே சரியாக 54 நிமிடம், அதாவது 3,240 நொடி என்று வையுங்கள். அவர் கோப்பில் அதே தூரம் 3,239.676 நொடி. குறைவது 0.324 நொடி, அதாவது ஒரு சதவீதத்தில் நூற்றில் ஒரு பங்கு. Audacity மென்பொருளைப் பயன்படுத்துகிறவர் என்றால் விருந்தினரின் கோப்பைத் தேர்ந்தெடுத்து, Change Speed and Pitch என்பதில் Percent Change பெட்டியில் -0.010 என்று இடுங்கள். கழித்தல் குறி முக்கியம், வேகம் குறைந்தால்தான் கோப்பு நீளும். குரலின் சுருதியும் இம்மியளவு இறங்கும், யார் காதும் அதைக் கண்டுபிடிக்காது. பிறகு முதல் ஆணியைப் பொருத்தினால் கடைசி ஆணி தானாகவே வந்து உட்காரும்.

கணக்கே வேண்டாம் என்றால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் பேசாமல் இருக்கும் இடத்தில் வெட்டி, மீதியை 0.06 நொடி பின்னால் தள்ளுங்கள். கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. இந்த வேலைக்குத்தான் உங்களிடம் பெரிய தொகை கேட்கிறார்கள்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: விலகல் சீராக வளர்கிறதா? நடுவில், 27ஆவது நிமிடம் வாக்கில், பாதியளவு விலகியிருக்க வேண்டும். அதுவரை சரியாக இருந்து திடீரென்று எகிறினால் கடிகாரம் காரணமல்ல. போனுக்கு ஏதோ அழைப்பு வந்து பதிவு இடையில் நின்றிருக்கலாம். அந்த இடத்தில் வெட்டி நகர்த்துவதுதான் வழி.

அடுத்த நேர்காணலுக்கு முன் ஓர் எச்சரிக்கை, இதில் எனக்குக் கோபமே உண்டு. "ஒவ்வொருவர் குரலும் தனித்தனிக் கோப்பாகக் கிடைக்கும்" என்று சொல்லிச் சேவைகளை விற்கிறார்கள். தனிக் கோப்பு வேறு, அவரவர் இடத்திலேயே பதிவாவது வேறு. இணையத்தில் அடிபட்டு வந்த குரலைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தாலும் அது அடிபட்ட குரல்தான். நானும் ஒருமுறை ஆண்டுச் சந்தா கட்டி ஏமாந்திருக்கிறேன். கேட்டபோது "உங்கள் விருந்தினரின் இணைப்பு சரியில்லை" என்று பதில் வந்தது. சரியில்லை என்பதால்தானே ஐயா உங்களிடம் வந்தேன்! வாங்குவதற்கு முன் நீங்களே சோதித்துவிடுங்கள். நண்பர் ஒருவரை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போகச் சொல்லி, நடுவில் பத்து நொடி அவருடைய இணையத்தை அணைக்கச் சொல்லுங்கள். இறுதிக் கோப்பில் எந்த எண்ணும் விடுபடாமல் இருந்தால் அது அவரிடத்திலேயே பதிவாகியிருக்கிறது. ஓட்டை விழுந்தால் அந்தச் சேவையை விட்டுவிடுங்கள்.

விருந்தினரிடம் ஒரே ஒரு போன்தான் இருக்கிறது என்றால் மேலே சொன்ன முறை நடக்காது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் பேட்டி முடிந்த பிறகுதான் இது தெரியவரும். அழைப்பு நடக்கும்போது போன் மைக்கை அழைப்புச் செயலிக்குக் கொடுத்துவிடுகிறது. அதே போனில் பதிவுச் செயலியைத் திறந்தால் சில போன்கள் மறுத்துவிடும். சில போன்கள் அதைவிட மோசம்: நொடிகள் ஓடுவதாகக் காட்டிவிட்டு, வெறும் மௌனத்தைக் கோப்பாக்கித் தரும். தயாரிப்பவர்கள் திரையில் ஒரு வரி எச்சரிக்கை போட்டால் என்ன குறைந்துவிடும்? ஆகவே அழைப்புக்கு ஒரு கருவி, பதிவுக்கு ஒரு கருவி. இரண்டாவது போனை இரவல் வாங்கச் சொல்லுங்கள். பழைய போன் போதும், சிம் கூட வேண்டாம். அதுவும் முடியாதென்றால், அழைப்பையும் பதிவையும் தானே சேர்த்துச் செய்யும் சேவை ஒன்றை மேலே சொன்ன சோதனையில் தேறிய பிறகு பயன்படுத்துங்கள். அதில் பேட்டி முடிந்தவுடன் விருந்தினர் அந்த இணையப் பக்கத்தை மூடிவிடக் கூடாது. கோப்பு முழுவதும் ஏறி முடியும்வரை அவரைப் பேச்சில் பிடித்துவைப்பது உங்கள் பொறுப்பு.

அவர் காதில் வயருள்ள ஹெட்போன் இருக்கட்டும். ஸ்பீக்கரில் கேட்டால் உங்கள் குரலும் அவர் பதிவில் விழுந்து, சேர்த்தபின் எதிரொலியாகக் கேட்கும். அதை எந்த நிபுணராலும் சுத்தமாக நீக்க முடியாது. கோப்பை அரட்டைச் செயலியில் குரல் செய்தியாக அல்ல, ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். வந்த கோப்பின் கடைசி நிமிடத்தைத் திறந்து கேட்ட பிறகு மட்டும், "இனி உங்கள் போனிலிருந்து அழித்துவிடலாம்" என்று அவருக்குச் சொல்லுங்கள்.