கட்டணம் இல்லாத ரசீதுதான் மலிவா?

கேள்வி: வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பிய இரண்டு பழைய ரசீதுகள் என்னிடம் இருக்கின்றன. ஒன்றில் கட்டணமே இல்லை, போய்ச் சேர்ந்த தொகையும் அதிகம். இன்னொன்றில் கட்டணமும் பிடித்தார்கள், சேர்ந்ததும் குறைவு. அடுத்த முறை முதல் நிறுவனத்திலேயே அனுப்பலாம்தானே?

பதில்: அவசரப்படாதீர்கள். இரண்டும் ஒரே நாளில் அனுப்பியவை இல்லையென்றால், சேர்ந்த தொகையை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. இடையில் நாணய மாற்றுக்கான சந்தை விகிதமே மாறியிருக்கும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை. சந்தை விகிதத்துக்கும் உங்களுக்குக் கொடுத்த விகிதத்துக்கும் உள்ள இடைவெளிக்குத்தான் பொறுப்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு முறையும் உங்கள் கணக்கிலிருந்து போனது 1,000 டாலர்.

முதல் ரசீதில் கட்டணம் இல்லை, விகிதம் 0.8970, சேர்ந்தது 897 யூரோ. அன்றைய சந்தை விகிதம் 0.9200 என்றால் 920 யூரோ சேர்ந்திருக்க வேண்டும். குறைந்த 23 யூரோதான் உண்மையான செலவு, அதாவது 2.5 சதவீதம். கட்டணம் என்ற பெயரில் வாங்காததை விகிதத்தில் வாங்கிவிட்டார்கள்.

இரண்டாவதில் 12 டாலர் கட்டணம் போக மீதி 988 டாலர் 0.8900 விகிதத்தில் மாறி 879.32 யூரோவாகச் சேர்ந்தது. அன்றைய சந்தை விகிதம் 0.8940. ஆக, சேர வேண்டியது 894, குறைந்தது 14.68, செலவு சுமார் 1.6 சதவீதம். குறைவாகச் சேர்ந்த ரசீதுதான் மலிவு!

ஆனால் தொகை சிறியதானால் இந்தக் கணக்கு தலைகீழாகும். 200 டாலர் அனுப்பினால் 12 டாலர் கட்டணமே 6 சதவீதம். இதே விகித இடைவெளிகள் நீடித்தால், சுமார் 580 டாலருக்குக் கீழே முதல் நிறுவனமும் அதற்கு மேலே இரண்டாவதும் லாபம். அதனால் நீங்கள் வழக்கமாக அனுப்பும் தொகைக்கே கணக்குப் போடுங்கள்.

பழைய சந்தை விகிதத்துக்கு ஐரோப்பிய மத்திய வங்கி வேலை நாட்களில் வெளியிடும் குறிப்பு விகிதங்களைப் பார்க்கலாம். பணம் சேர்ந்த நாளை எடுக்காதீர்கள், ரசீதில் விகிதம் உறுதியான நாளை எடுங்கள். ஒரே நாளுக்குள்ளும் விகிதம் அசையும். அதனால் இரண்டு செலவுக்கும் வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் இருந்தால் எது மலிவு என்று ஒரு ரசீதை வைத்துச் சொல்லிவிட முடியாது, இன்னும் சில ரசீதுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம், ரசீதை மட்டும் நம்ப வேண்டாம். வங்கி வழியாகப் போகும் பணத்தில் இடையிலுள்ள வங்கியோ பெறும் வங்கியோ கொஞ்சம் பிடித்துக்கொள்வதுண்டு. ரசீதில் SHA என்றிருந்தால் கட்டணத்தை இரு தரப்பும் பகிர்கிறீர்கள் என்று பொருள், OUR என்றால் முழுவதும் உங்களுடையது. பெற்றவரிடம் கணக்கில் வரவான தொகையைக் கேட்டு வாங்குங்கள். அதை உங்கள் கணக்கில் பற்றான தொகையோடு வைத்துத்தான் மேலே உள்ள கழித்தலைப் போட வேண்டும்.