திருவாதிரை ஏன் தினமும் முந்திக்கொள்கிறது?

டிசம்பர் 1ஆம் தேதி இரவு 9.09க்கு எதிர் புளோக்கின் மொட்டைமாடிக்கு மேலே திருவாதிரை தலைகாட்டியது. 15ஆம் தேதி காரிடாரில் அதே இடத்தில் நின்றேன், 8.14க்கே வந்துவிட்டது. என் கடிகாரத்தில் கோளாறா? (தெம்பனிஸ் வாசகி)

கடிகாரம் சரிதான், அம்மா. 14 நாளில் 55 நிமிடம் என்றால் நாளுக்கு 4 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அப்படித்தான் வரவேண்டும்.

பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றிமுடிக்க 23 மணி 56 நிமிடம் 4 விநாடி பிடிக்கிறது. அதற்குள் திருவாதிரை பழைய இடத்துக்கு வந்துவிடும், சூரியன் வராது. அந்த ஒரு நாளில் பூமி சூரியனைச் சுற்றும் பாதையில் ஏறக்குறைய ஒரு பாகை நகர்ந்திருக்கும். சூரியனுக்கு நேரே வர, பூமி இன்னும் ஒரு பாகை திரும்பியாக வேண்டும். அதற்குத்தான் அந்த 4 நிமிடம். நம் 24 மணி நேரம் இதையும் சேர்த்த கணக்கு.

இதைக் கவனிக்கச் சிங்கப்பூர் நல்ல இடம். சூரியன் மறையும் நேரம் இங்கே ஆண்டு முழுவதும் அரை மணி நேரத்துக்குள்தான் மாறும். அதனால் விண்மீன்கள் முந்துவது பளிச்சென்று தெரியும்.

அப்படியானால் அந்த 23 மணி 56 நிமிடத்தை ஒரு நாளாக எண்ணும் விண்மீன் நேரத்தையே கடிகாரத்தில் வைத்துக்கொண்டால் என்ன?

வைக்கலாம். ஆறே மாதத்தில் மதியம் 12 மணிக்கு நடுநிசியாக இருக்கும், பரவாயில்லையா?

டிசம்பர் 21 பிறக்கும் நள்ளிரவு 12 மணிக்கு விண்மீன் நேரம் சுமார் 6 மணி என்று கணக்குப் போட்டேன். திருவாதிரையின் வல ஏற்றம், அதாவது அது உச்சிக்கு வரும் விண்மீன் நேரம், 5 மணி 55 நிமிடம். ஆக, உச்சியில் இருக்க வேண்டும். ஆனால் தொலைநோக்கியைத் திருப்பினால் கிழக்கே தள்ளி நிற்கிறதே? (ஈசூன் வாசகர்)

நானும் முதன்முதலில் இதில்தான் வழுக்கினேன். நம் கடிகாரம் சிங்கப்பூருடையது அல்ல, 120 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையுடையது. 1982 ஜனவரி 1 முதல் இந்த நேரத்தில்தான் இருக்கிறோம். நாம் இருப்பதோ 103.8 பாகையில். வித்தியாசம் 16.2 பாகை, பாகைக்கு 4 நிமிடம் வீதம் 65 நிமிடம். ஆகவே உங்கள் நள்ளிரவில் உண்மையான விண்மீன் நேரம் சுமார் 4 மணி 52 நிமிடம்தான். 1.03 வரை காத்திருந்தால் திருவாதிரை உச்சிக்கு வந்துவிடும்.

பிழை எங்கே என்று அறிய ஒரு வழி உண்டு. இரவு முழுக்க அதே 65 நிமிடம் பிசகினால் தீர்க்கரேகையை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். மணிக்கு 10 விநாடி வீதம் பிசகு கூடிக்கொண்டே போனால், விண்மீன் நேரத்தைச் சாதாரணக் கடிகார வேகத்தில் ஓட்டுகிறீர்கள்.

நிலாவும் 4 நிமிடம் முந்துமா?

இல்லை, அது பிந்தும். பூமியைச் சுற்றி நாளுக்குச் சுமார் 13 பாகை கிழக்கே நகர்வதால், சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கும்.