டூட்டி முடிந்தும் வார்டு கூடவே வீட்டுக்கு வந்தால்

"அக்கா, எனக்கு ஊர் அம்பாசமுத்திரம். இங்கிலாந்துல ஐசியூ வேலைக்கு வந்து கொஞ்ச மாசந்தான் ஆகுது. டூட்டி முடிஞ்சு வந்தாலும் பேஷண்ட் முகம் கண்ணை விட்டுப் போக மாட்டேங்குது. இன்னொரு பக்கம் மனசு மரத்துப் போயிட்டு. மேனேஜர்ட்ட சொன்னா யோகா பண்ணு, நல்லா தூங்குன்னு ஒரு தாளைக் குடுத்தாங்க. நீங்கல்லாம் எப்படி சமாளிக்கீங்க?"

தங்கச்சி, இது வெறும் வேலைக் களைப்பா என்று முதலில் பார். களைப்பு என்றால் கோபம் ரோஸ்டர் மேலும் ஆள் பற்றாக்குறை மேலும் இருக்கும். நாலு நாள் லீவு கிடைத்தால் கொஞ்சமாவது இறங்கும். அடுத்தவருக்கு நேர்ந்தது உன் கண்ணுக்குள் ஓடுகிறது, லீவிலும் ஓடுகிறது என்றால் அது வேறு. செகண்டரி டிராமா என்பார்கள். மரத்துப் போவது பெரும்பாலும் அதோடு சேர்ந்தே வரும். நீ கல்நெஞ்சக்காரி ஆகிவிட்டாய் என்று அதற்கு அர்த்தமில்லை.

எங்கள் யூனிட்டில் வள்ளியூர்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள். பைக் விபத்தில் வந்த ஒரு பையனைத் தொடர்ந்து பார்த்தாள். அவள் தம்பி வயதுதான். அவன் இறந்ததும், உறவினர் அறையில் அவன் தாயார் போட்ட சத்தம் இவள் காதிலேயே நின்றுவிட்டது. அப்புறம் அந்த பெட் பக்கம் போகாமல் சுற்றிப் போவாள். சரியாக ஓடுகிற மருந்து பம்ப்பைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். நடைப்பயிற்சி, தியானம் எல்லாம் செய்துதான் பார்த்தாள். வீட்டுக் கடனுக்காக ஓய்வு நாளில் பேங்க் ஷிப்ட் என்ற கூடுதல் டூட்டியும் எடுத்தாள், அதுவும் அதே ஐசியூவில்.

சிக்கல் அங்கேதான். கனடாவின் ஒன்டாரியோவில் கவுன்சிலர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2006-இல் வெளிவந்தது. போபர், ரெகர் என்ற இருவர் செய்தது. ஓய்வுக்கும் தன்னைக் கவனித்துக்கொள்ளவும் கூடுதல் நேரம் ஒதுக்கியவர்களுக்குப் பாதிப்பு குறைவாக இருக்கவில்லை. வாரத்தில் எத்தனை மணி நேரம் அப்படிப்பட்ட துயரக் கதைகளோடு உட்கார்ந்தார்கள் என்பதோடுதான் பாதிப்பு சேர்ந்து போனது. பாளையங்கோட்டையில் அடிபட்டு வரும் பெண்களுக்குக் கவுன்சிலிங் செய்யும் என் சிநேகிதியும் இதையேதான் சொல்வாள். புதிதாக வருகிறவர்களின் முழுக் கதையை ஒரே ஆள் ஒரே நாளில் அடுத்தடுத்துக் கேட்காதபடி அங்கே பிரித்துக்கொள்கிறார்கள்.

ஆகவே மேனேஜரிடம் "ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்று மட்டும் சொல்லாதே. அதற்குத்தான் அந்தத் தாள் வரும். நிறைவேற்றக்கூடிய ஒன்றைக் கேள். வள்ளியூர்ப் பெண் கேட்டது இதுதான்: கொஞ்ச வாரத்துக்கு இளவயது விபத்துக் கேஸ் அடுத்தடுத்த ஷிப்டில் எனக்கு வேண்டாம், ஒரு மரணம் நடந்தால் அடுத்த பேஷண்டை எடுக்குமுன் கால் மணி நேரம் வேண்டும். கிடைத்தது. ஆள் குறைவான இரவில் கிடைக்காமலும் போனது, அதையும் சொல்லிவிடுகிறேன். பேங்க் ஷிப்டை அவுட்பேஷண்ட் கிளினிக்குக்கு மாற்றிக்கொண்டாள். இரவுப் படி போய்விட்டது, ஆனால் தூக்கம் வந்தது.

அடுத்தது, பேச்சு. இங்கிலாந்தில் 2021-இலிருந்து புரொஃபஷனல் நர்ஸ் அட்வகேட் என்று பயிற்சி பெற்ற நர்ஸ்கள் இருக்கிறார்கள். உன் ஆஸ்பத்திரியில் யார் என்று விசாரி. 'ரெஸ்டோரேட்டிவ் சூப்பர்விஷன்' வேண்டும் என்று கேட்டு, டூட்டி நேரத்துக்குள்ளேயே வாங்கு. அங்கே உன் வேலையில் யாரும் குறை கண்டுபிடிக்க மாட்டார்கள். அந்தப் பேஷண்ட் உனக்குள் என்ன செய்தார் என்பதுதான் பேச்சு.

வீட்டுக்குப் போன் பேசுவதிலும் ஒரு கவனம் வேண்டும். நைட் முடித்து நடந்து வரும்போது அம்பையில் மதியச் சாப்பாட்டு நேரம், அம்மா போனை எடுத்துவிடுவார்கள். ரத்தம், காயம், கடைசி மூச்சு என்று எல்லாவற்றையும் கொட்டினால் நீ பாதி இறக்கிவைப்பாய், அவர்கள் முழுதாகச் சுமப்பார்கள். "இன்னைக்கு ஒரு சாவும்மா, சொல்லட்டுமா?" என்று முதலில் கேள். சரி என்றால் உனக்கு எப்படி இருந்தது என்பதைச் சொல், காயத்தின் விவரத்தை விட்டுவிடு. கூட வேலை பார்க்கிறவர்களிடமும் இப்படியே பேசு. அவர்களுக்கும் அன்று ஒரு பெட் கனமாக இருந்திருக்கும்.

ஒரு மாதம் தாண்டியும் காட்சிகள் வந்துகொண்டே இருந்தால், கனவில் திடுக்கிட்டு எழுந்தால், இந்த ஏற்பாடுகள் மட்டும் போதாது. குடும்ப டாக்டரான ஜிபியிடம் போ, அல்லது என்ஹெச்எஸ் டாக்கிங் தெரபீஸில் நீயே பதிவு செய். டிராமாவுக்கான சிபிடி, இஎம்டிஆர் என்று சிகிச்சை இருக்கிறது. ஊழியர் நலம் பார்க்கும் ஆக்குபேஷனல் ஹெல்த்துக்கும் போகலாம். உன் மருத்துவ விவரத்தை உன் சம்மதம் இல்லாமல் மேனேஜருக்குச் சொல்ல மாட்டார்கள். வேலைக்கு ஆபத்து வருமோ என்று பயந்து நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அந்தக் கதவைத் தட்டுவதே இல்லை. நீ தட்டு.